புகார்ப் பட்டியலில் குடிநீரைத் தேடும் நட்சத்திரக் குறி

பேரூராட்சி அலுவலகம் ஒன்றில் மக்கள் தரும் புகார்களை எக்செல்லில் ஏற்றுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். B2 முதல் B7 வரை ஆறு புகார்கள்:

1. எங்கள் தெருவில் குடிநீர் வரவில்லை
2. குடிநீரில் சாக்கடை வாடை அடிக்கிறது
3. தெருவிளக்கு எரியவில்லை
4. குடிநீர்க் குழாய் உடைந்துவிட்டது
5. குடிநீர் இல்லை, குடிநீர் லாரியும் வரவில்லை
6. சாக்கடை அடைத்துக்கொண்டது

இவற்றில் குடிநீர் பற்றிய புகார்கள் எத்தனை? COUNTIF சூத்திரத்தில் "குடிநீர்" என்று மட்டும் கொடுத்தால் விடை 0. கட்டம் முழுக்க அந்த ஒரு சொல் மட்டுமே இருந்தால்தான் அது எண்ணும். சொல்லுக்கு முன்னும் பின்னும் நட்சத்திரக் குறி போட்டால் நிலைமை மாறும்.

```
=COUNTIF(B2:B7,"*குடிநீர்*")
```

'இந்த இடத்தில் எத்தனை எழுத்து வேண்டுமானாலும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்' என்பதுதான் நட்சத்திரத்துக்குப் பொருள். இப்படிப்பட்ட குறிகளை வைல்ட்கார்டு என்பார்கள். இப்போது விடை 3. ஐந்தாவது புகாரில் குடிநீர் இரண்டு முறை வந்தாலும் கணக்கு ஒன்றுதான்; COUNTIF எண்ணுவது கட்டங்களை, சொற்களை அல்ல.

ஆனால் சரியான விடை 4. விடுபட்டது இரண்டாவது புகார். வேற்றுமை உருபு சேரும்போது 'ர்' என்பது 'ரி' ஆகிவிடுவதால், 'குடிநீரில்' என்பதற்குள் 'குடிநீர்' கிடையாது. தமிழில் தேடும்போது அடிக்கடி நேரும் சிக்கல் இது. கடைசி எழுத்தை விட்டுவிட்டு "*குடிநீ*" என்று தேடினால் நான்கும் கிடைக்கும்.

குறைவாக எண்ணுவதைப் போலவே கூடுதலாக எண்ணும் ஆபத்தும் உண்டு. ரேஷன் கடைப் புகார்களைத் தேடி "*கடை*" என்று கொடுத்தால் இதே பட்டியலில் 2 என்று வரும். கடை பற்றி ஒருவரும் எழுதவில்லை. இரண்டுமே 'சாக்கடை'க்குள் இருக்கும் 'கடை'. அதை இப்படி விலக்கலாம்:

```
=COUNTIFS(B2:B7,"*கடை*",B2:B7,"<>*சாக்கடை*")
```

விடை 0 ஆகிவிடும். ஒரே புகாரில் கடையும் சாக்கடையும் சேர்ந்து வந்தால் மட்டும் அந்தக் கட்டமும் விலகிவிடும்.

எண்ணிக்கையில் சந்தேகம் வந்தால், அதே சொல்லை ஃபில்டரின் தேடல் பெட்டியில் தட்டிப் பார்க்கலாம். எந்தெந்த வரிகள் கணக்கில் சேர்ந்தன என்பது கண்முன் நிற்கும். விடுபட்டவற்றைப் பிடிக்க, 'தண்ணீர்', 'குழாய்' போன்ற பக்கத்துச் சொற்களையும் ஒருமுறை தேட வேண்டும்.

கேள்விக்குறி உள்ள புகார்களை எண்ண "*?*" என்று எழுதினால் ஆறும் வந்துவிடும், ஏனெனில் கேள்விக்குறியும் ஒரு வைல்ட்கார்டுதான், ஏதேனும் ஓர் எழுத்தைக் குறிப்பது. அதற்கு முன் அலைக்குறி சேர்த்து "*~?*" என்று எழுதினால்தான் உண்மையான கேள்விக்குறியைத் தேடும்.