பாக்கியைக் கேட்பது எப்படி?

"பாக்கி 2,340. எப்ப தருவீங்க? இனிமே கடன் கிடையாது." மளிகைக் கடைக்காரர் ஒருவர் பல வருட வாடிக்கைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் இப்படி அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். பணம் வந்துவிடலாம். ஆனால் அந்த வீட்டு மாதச் சாமான் பட்டியல் அடுத்த மாதம் வேறு கடைக்குப் போய்விடும்.

இதைத் திருத்த உட்காருமுன் கடன் நோட்டைத் திறக்க வேண்டும். தகராறு பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. பையன் வந்து எண்ணெய் வாங்கிப்போனது அம்மாவுக்குத் தெரியாது. அப்பா கொடுத்த ஐந்நூறைக் கூட்ட நேரத்தில் வரவு வைக்க மறந்திருப்பார்கள். மொத்தத் தொகையை மட்டும் எழுதினால், "அவ்வளவு எப்படி வந்தது?" என்ற சந்தேகம்தான் முதலில் எழும். அதனால் தொகை வந்த வழியையே செய்தியில் எழுதிவிடலாம்:

"வணக்கம் அக்கா, தெருமுனை மளிகைக் கடையிலிருந்து. ஜூலை பாக்கி 1,480 ரூபாய். ஆகஸ்டில் வாங்கியது 1,360. 18ஆம் தேதி தம்பி 500 கொடுத்தார். மீதி 2,340. ஏதாவது விட்டுப்போயிருந்தால் சொல்லுங்க, நோட்டைப் பார்த்துச் சரி பண்ணிடலாம். 7ஆம் தேதிக்குள் கொடுத்தால் சரக்கு எடுக்க உதவியா இருக்கும். மொத்தமா முடியலைன்னா பாதி இப்போ கொடுங்க, மீதியை அடுத்த மாசம் பார்த்துக்கலாம்."

கொடுத்த ஐந்நூறைக் குறிப்பிட்டதுதான் இதில் உண்மையான மரியாதை. "அன்பார்ந்த வாடிக்கையாளரே" என்று தொடங்கினால் வங்கி நோட்டீஸ் போலாகிவிடும். கடையில் எப்படிக் கூப்பிடுவோமோ, அப்படியே எழுதினால் போதும்.

பணிவாக எழுதுகிறோம் என்று தேதியை விட்டுவிடக் கூடாது. "முடிஞ்சப்ப கொடுங்க" என்றால் அந்தப் பாக்கி பொங்கல்வரை அசையாது. அந்த வீட்டில் சம்பளம் வருவது 1ஆம் தேதியா, 10ஆம் தேதியா என்பது கடைக்காரருக்கே தெரியும். அதற்கு இரண்டு மூன்று நாள் தள்ளிக் கேட்கலாம்.

செய்தி அந்த ஒருவரின் எண்ணுக்கு மட்டும் போக வேண்டும். தெரு குரூப்பில் பெயரோடு போட்டால், எவ்வளவு நயமாக எழுதியிருந்தாலும் அவமானம்தான். குழந்தையிடம் சொல்லி அனுப்புவதும் அப்படியே.

"இனிமே கடன் கிடையாது" என்ற வரி எங்கே போனது? அது செய்தியில் எழுத வேண்டியதே அல்ல. சொல்லித்தான் ஆக வேண்டுமென்றால், கடையில் ஆள் இல்லாத மதிய நேரத்தில், "பழைய கணக்கு முடியறவரைக்கும் ரொக்கமா வாங்கிக்கோங்க அக்கா" என்று நேரில் சொல்லலாம். 7ஆம் தேதி தாண்டியும் பதில் இல்லையென்றால், இரண்டு நாள் விட்டு ஒரே வரி: "அக்கா, அந்த 2,340 எப்போ எதிர்பார்க்கலாம்?" இந்தமுறை கணக்கு விவரம் வேண்டாம்.