பூனைக்குத் தொட்டி மண் ஏன் பிடிக்கிறது?

காலையில் எழுந்து பார்த்தால் ஹால் முழுக்க மண். மணி பிளான்ட் பாதி வேர் தெரியச் சாய்ந்து கிடக்கிறது. பூனையோ சோபாவில் உட்கார்ந்து சாவகாசமாக முகம் கழுவிக்கொண்டிருக்கிறது. “வேணும்னே பண்ணுது” என்பார்கள் வீட்டில். பூனைக்குப் பழிவாங்கத் தெரியாது. அதற்கு நல்ல மண் எது என்று தெரியும், அவ்வளவுதான்.

வீட்டுப் பூனையின் மூதாதை வட ஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் வறண்ட நிலங்களில் திரிந்த காட்டுப்பூனை. பொலபொலவென்ற மண்ணைப் பறித்து, மலஜலம் கழித்து, மூடிவிட்டுப் போவது அந்த இனத்தின் வழக்கம். இப்போது நாம் தொட்டியில் போடுவது வயல் மண் அல்ல, தென்னை நார்த்தூளும் மண்புழு உரமும் கலந்த லேசான கலவை. பூனையின் பாதத்துக்கு அதைவிட இதமான இடம் வீட்டில் வேறில்லை. அதற்கென்று நாம் வாங்கி வைத்த லிட்டர் தட்டு பல வீடுகளில் இந்தத் தொட்டியோடு போட்டியிட்டுத் தோற்றுப்போகிறது.

என் தோழியின் வேளச்சேரி வீட்டில் நடந்தது இதுதான். எட்டு மாத ஆண் பூனை. தினமும் ஒரே தொட்டியைத்தான் பறித்தது. தோண்டுவது விளையாட்டுக்கா, கழிப்பதற்கா என்று முதலில் பார்க்கச் சொன்னேன். மேல்மண்ணை இரண்டங்குலம் கிளறினாலே தெரிந்துவிடும். நார்த்தூள் கட்டிபட்டுக் காரமான அமோனியா வாடை அடித்தால் அது கழிப்பறையாகிவிட்டது என்று அர்த்தம். அடித்தது. பிறகு தட்டைப் போய்ப் பார்த்தோம். மூடி போட்ட பெட்டி, உள்ளே லாவெண்டர் வாசனை போட்ட மணல், வைத்திருந்த இடம் குளியலறையில் வாஷிங் மெஷினுக்குப் பக்கம். மெஷின் உலுக்கும் நேரத்தில் எந்தப் பூனை அங்கே போய் உட்காரும்? வாசனை நம் மூக்குக்காகப் போட்டது. மூடிய பெட்டிக்குள் பூனைக்கு அது மூச்சுமுட்டும் சமாச்சாரம்.

மாற்றியது கொஞ்சம்தான். மூடியை எடுத்தாகிவிட்டது. பூனையின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு நீளமுள்ள, விளிம்பு உயர்ந்த சாதாரண பிளாஸ்டிக் டப் ஒன்று இரண்டாவது தட்டானது. ஒரு பூனைக்கு இரண்டு தட்டு, இரண்டு பூனைக்கு மூன்று என்பதுதான் கால்நடை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. வாசனையில்லாத பொடி மணலை இரண்டங்குல உயரத்துக்குக் கொட்டி, ஆரம்பத்தில் அதில் சரிபாதி நார்த்தூள் கலந்தோம். தொட்டி இருந்த மூலைக்குப் பக்கத்திலேயே டப்பை வைத்தோம். பூனை அதில் பழகிய பிறகு நார்த்தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தலாம். தினமும் ஒருமுறையாவது அள்ளிச் சுத்தம் செய்வதுதான் இதில் மிகச் சலிப்பான வேலை. அதை விட்டால் மற்றதெல்லாம் வீண்.

கூடவே தொட்டியின் அழைப்பையும் நிறுத்த வேண்டும். நாறிய மேல்மண்ணை அள்ளி எறிந்துவிட்டுப் புதுக்கலவை போட்டு, அதன்மேல் பூனையின் பாதத்தைவிடப் பெரிய கூழாங்கற்களை நெருக்கமாகப் பரப்பினோம். சின்னக் கற்கள் உதவாது, அவற்றையும் பறித்துவிடும். கல் மூடிய தொட்டியில் மண் சீக்கிரம் காயாது என்பதால், விரலை விட்டு ஈரம் பார்த்த பிறகே தண்ணீர் ஊற்ற வேண்டும். பெரிய தொட்டி என்றால் கோழி வலையை வட்டமாக வெட்டி, கூர்முனைகளை மடக்கி, மேல்மண்ணுக்குச் சற்றுக் கீழே புதைத்தும் வைக்கலாம்.

மண்ணில் ஈரமோ வாடையோ இல்லாமல், பறித்த குழி மட்டும் இருந்தால் காரணம் வேறு. மாடித்தோட்டக்காரர்கள் ஊற்றும் மீன் அமிலமும் எலும்புத்தூளும் பூனைக்கு உணவு வாசனை. தொட்டியில் தானாக முளைத்த குப்பைமேனியும் காரணமாக இருக்கலாம். அதன் வேர் பூனையைக் கிறங்க வைக்கும். பூனைவணங்கி என்று அதற்கு இன்னொரு பெயரே உண்டு. பிடுங்கி எறிந்தால் பாதிச் சண்டை தீர்ந்தது.

தொட்டியில் அந்துருண்டை போடச் சொல்லும் யோசனையை மட்டும் கேட்காதீர்கள். அதிலுள்ள நாப்தலின் பூனைக்கு விஷம். மிளகாய்த்தூள் பாதத்தில் ஒட்டி, நக்கும்போது வாய்க்கும் கண்ணுக்கும் போகும். பீனாலைப் பிரித்து வெளியேற்றும் சக்தி பூனையின் கல்லீரலுக்குக் குறைவு என்பதால், பீனால் கலந்த ஃபினாயிலும் தொட்டிப்பக்கம் வேண்டாம். உரமாக ஆமணக்குப் புண்ணாக்கு போடுபவர்கள் அதையும் நிறுத்துவது நல்லது. அதில் ரிசின் என்ற கொடிய நஞ்சு தங்கியிருக்கலாம்.

ஒன்றை மட்டும் பழக்கக் கோளாறு என்று நினைத்துவிடக் கூடாது. ஆண் பூனை தொட்டியிலோ தட்டிலோ திரும்பத் திரும்பப் போய் உட்கார்ந்து முக்குகிறது, கத்துகிறது, சிறுநீர் சொட்டுகூட வரவில்லை என்றால், பாதை அடைத்திருக்கலாம். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் உயிர் போய்விடும். அன்றைக்கே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

திரைக்கு வருவோம். இங்கே பூனை தேடுவது உயரம். மேலே உட்கார்ந்து கீழே பார்க்கும்போதுதான் அதற்குப் பத்திரமாக இருக்கும். ஜன்னலில் காக்கா, குருவி; நம் ஊர் வீடுகளில் கூடுதலாகத் திரைக்கம்பிக்குப் பின்னால் பல்லி வேறு. முன்னங்கால் நகங்கள் கொக்கிபோல் உள்நோக்கி வளைந்திருப்பதால் ஏறுவது எளிது. இறங்குவதற்குப் பின்பக்கமாகத்தான் வர வேண்டும். அது தெரியாத குட்டிகள்தான் கம்பியில் தொங்கிக்கொண்டு ஊரைக் கூட்டுகின்றன.

திட்டினாலோ தண்ணீர் பீய்ச்சினாலோ, நீங்கள் இருக்கும்போது ஏறக் கூடாது என்பதை மட்டும் அது கற்றுக்கொள்ளும். திரைக்குப் பக்கத்திலேயே ஏற நல்ல வழி கொடுப்பதே மேல். ஜன்னலோரம் சுவரில் ஓரடி அகலப் பலகைகளை, ஒன்றுக்கு மேல் ஒன்றாக ஓரடி முதல் ஒன்றரையடி இடைவெளியில், படிபோல் மாறி மாறி அடியுங்கள். மேலே வழுக்காமல் இருக்க நார் மிதியடியை ஒட்டிவிடலாம். கூடவே நகம் தேய்க்க ஒரு கம்பம்: பூனை பின்னங்காலில் நின்று முழு உடலையும் நீட்டினாலும் எட்டாத மூன்றடி உயரம், இறுக்கிச் சுற்றிய நார்க்கயிறு, ஆடாத கனமான அடிப்பலகை. கடையில் விற்கும் ஒன்றரையடிக் கம்பங்கள் இழுத்ததும் சாய்கின்றன. ஒருமுறை சாய்ந்தால் பூனை மறுபடி அதைத் தொடாது. பழகும்வரை திரையை இடுப்புயரத்துக்குச் சுருட்டிக் கட்டி வையுங்கள். மாலையில் சாப்பாட்டுக்கு முன் பத்து நிமிடம், குச்சியில் கட்டிய இறகைத் துரத்தவிட்டால் இரவு ஆட்டம் குறையும். முடிந்ததும் அந்த நூலை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். விழுங்கினால் குடலைச் சுருக்கிவிடும்.

திரையில் ஏறும் பூனைக்குத் தொங்கும் தொட்டியும் எட்டும் என்பதை மறந்துவிடுகிறோம். மணி பிளான்ட், டிஃபன்பேக்கியா இரண்டையும் கடித்தால் வாய் எரிந்து எச்சில் ஒழுகும். அவற்றுக்குப் பதில் ஸ்பைடர் பிளான்ட், அரேகா பாம், பாஸ்டன் ஃபெர்ன் வைக்கலாம். கடிக்கவென்றே ஒரு கிண்ணத்தில் கோதுமை முளைக்கவிடுங்கள், ஒரு வாரம் பத்து நாளில் புல் தயார். ஆனால் பூச்செண்டுகளில் வரும் லில்லியும் சைகஸ் என்ற சேகோ பாமும் வேறு ரகம். லில்லியின் மகரந்தம் ரோமத்தில் ஒட்டி அதை நக்கினால்கூடச் சிறுநீரகம் செயலிழக்கும். சேகோ பாம் கல்லீரலைக் கெடுக்கும். இந்த இரண்டில் எது வீட்டில் இருந்தாலும் இன்றே பூனையில்லாத வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள்.