நின்றுபோகும் நீர்க்கணக்கு

குழாயில் ஓடும் தண்ணீரின் வேகத்தை அளந்து, மொத்தம் எத்தனை லிட்டர் போனது என்று கூட்டி வைப்பது பி.எல்.சி. எனப்படும் தொழிற்சாலைக் கட்டுப்படுத்திக்குச் சாதாரண வேலை. ஒரு பெருக்கல், ஒரு வகுத்தல், ஒரு கூட்டல், அவ்வளவுதான். ஆனால் இந்த மூன்றிலும் கணக்கு பிசகும் இடங்கள் உண்டு. அவற்றில் ஒன்று வெளிப்பட நாட்கணக்கில் ஆகும்.

கட்டுப்படுத்தியின் நினைவகத்தில் ஒவ்வோர் எண்ணுக்கும் ஒதுக்கிய இடம் அளவானது. `INT` என்னும் வகை 16 பிட் கொண்டது. -32768 முதல் 32767 வரையுள்ள முழு எண்கள் மட்டுமே அதில் அடங்கும். `DINT` 32 பிட் கொண்டது. 214 கோடிக்குச் சற்று மேல் வரை தாங்கும். புள்ளிக்குப் பின்னும் இலக்கங்கள் வேண்டுமென்றால் `REAL`.

ஓட்டமானியின் சமிக்ஞை 0 முதல் 4095 வரையுள்ள எண்ணாக உள்ளே வருகிறது என்று கொள்வோம். 4095 என்றால் விநாடிக்கு 10 லிட்டர். அந்த எண்ணை லிட்டராக மாற்ற, 10-ஆல் பெருக்கி 4095-ஆல் வகுக்க வேண்டும். இதை முழுக்க `INT` வகையிலேயே எழுதினால் 3276 வரை எல்லாம் சரியாக இருக்கும். 3277 வந்ததும் பெருக்குத்தொகை 32770 ஆகிறது. அதற்கு இடம் இல்லை. பல கட்டுப்படுத்திகளில் அது சுற்றிக்கொண்டு -32766 ஆகிவிடும், வகுத்தால் -8. ஓட்டம் விநாடிக்கு 8 லிட்டரைத் தாண்டிய கணத்தில் திரை மைனஸ் 8 காட்டுகிறது. பாதி ஓட்டத்தில் மட்டும் சோதித்துப் பார்த்தவருக்கு இது தென்படவே தெனபடாது. பம்ப் முழு வேகத்தில் ஓடும் நாளில்தான் தெரியும்.

பெருக்கலைத் தவிர்க்க முதலில் வகுத்தால் இன்னும் மோசம். முழு எண் வகுத்தலில் மீதி கைவிடப்படும் என்பதால், 4095-க்குக் குறைவான எதை வகுத்தாலும் விடை 0. சரியான வழி, பெருக்குவதற்கு முன்பே எண்ணைப் பெரிய வகைக்கு மாற்றிவிடுவது. அப்போது மில்லிலிட்டர் அளவிலேயே விடையைப் பெறவும் இடம் இருக்கும்:

```
Flow_ml := INT_TO_DINT(Raw) * 10000 / 4095;
```

இங்கே அடைப்புக்குறி எங்கே மூடுகிறது என்பதுதான் முக்கியம். `INT_TO_DINT(Raw * 10000)` என்று எழுதினால், பெருக்கல் 16 பிட்டில் நடந்து கெட்ட பிறகு, கெட்ட விடைதான் பெரிய இடத்துக்கு மாறும். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும் இந்த இரண்டு வரிகளுக்கு நடுவில்தான் பிழை ஒளிந்துகொள்கிறது. லிட்டரில் வகுத்தபோது 7.9 என்பது 7 ஆகிப்போனது. மில்லிலிட்டரில் கைவிடப்படும் மீதி ஒரு மில்லிலிட்டருக்கும் குறைவு.

அடுத்தது மொத்தம். நிரல் 0.1 விநாடிக்கு ஒருமுறை ஓடி, ஓட்டத்தை 0.1-ஆல் பெருக்கி, `REAL` வகையிலுள்ள மொத்தத்தோடு கூட்டுகிறது. விநாடிக்கு 10 லிட்டர் என்றால் ஒவ்வொரு முறையும் 1 லிட்டர் சேரும்.

`REAL` மிகப் பெரிய எண்களையும் மிகச் சிறியவற்றையும் தாங்கும். ஆனால் எண்ணின் முக்கிய இலக்கங்களுக்கு அதில் இருப்பது 24 பிட். தசமத்தில் ஏறத்தாழ 7 இலக்கம். எண் பெரிதாகப் பெரிதாக, அடுத்தடுத்து எழுதக்கூடிய இரண்டு எண்களுக்கு இடையிலான இடைவெளி அகன்றுகொண்டே போகும். லாரி நிற்கும் எடைமேடையில் ஒரு பிடி அரிசி போட்டால் அளவு நகராததைப் போல, பெரிய மொத்தத்தில் சின்னத் தொகையைக் கூட்டினால் மொத்தம் அசையாது.

அந்த எல்லையைத் துல்லியமாகவே சொல்லலாம். மொத்தம் 83,88,608 லிட்டரைத் தொட்டதும் இடைவெளி 1 ஆகிறது. அதற்கு மேல் முழு லிட்டர்களை மட்டுமே எழுத முடியும். இரவில் ஓட்டம் விநாடிக்கு 4 லிட்டராகக் குறைந்தால் ஒவ்வொரு முறையும் சேர வேண்டியது 0.4 லிட்டர். அது அருகிலுள்ள முழு எண்ணுக்குச் சுருங்கி 0 ஆகிவிடும். இரவு முழுவதும் தண்ணீர் ஓடும், கணக்கு நகராது. பகலில் ஓட்டம் 7 லிட்டர் என்றால் 0.7 என்பது 1 ஆகி, போனதைவிட அதிகம் பதிவாகும். இரவில் குறைவு, பகலில் கூடுதல் என்ற இந்தக் கலவையைப் பார்ப்பவர் முதலில் ஓட்டமானியைத்தான் சந்தேகிப்பார்.

மொத்தம் 1,67,77,216 ஆனதும் இடைவெளி 2. அதோடு 1-ஐக் கூட்டினால் விடை மீண்டும் 1,67,77,216-தான். முழு ஓட்டத்தில் பம்ப் ஓடிக்கொண்டிருந்தாலும் கணக்கு நின்றுவிடுகிறது. தொடர்ந்து விநாடிக்கு 10 லிட்டர் என்றால் இந்த இடத்துக்கு வர 19 நாட்களுக்குச் சற்று மேல் ஆகும். பொருத்திய அன்றும் மறுநாளும் செய்யும் சோதனையில் இது சிக்குவதில்லை. பிழை விளக்கும் எரியாது, ஏனெனில் இயந்திரத்தின் பார்வையில் இது வரம்பு மீறல் இல்லை. முறைப்படி செய்த சுருக்கம்.

0.1 என்ற எண்ணிலும் ஒரு சிக்கல் உண்டு. மூன்றில் ஒன்றைத் தசமத்தில் எழுதி முடிக்க முடியாது. அதே காரணத்தால் பத்தில் ஒன்றை இரும எண்ணில் எழுதி முடிக்க முடியாது. எங்கோ வெட்ட வேண்டும். 1991 பிப்ரவரி 25 அன்று சவுதி அரேபியாவின் தஹ்ரானில் இருந்த அமெரிக்க பேட்ரியாட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு, பத்தில் ஒரு விநாடிகளாக எண்ணிய நேரத்தை, 24 பிட்டில் வெட்டப்பட்ட 0.1-ஆல் பெருக்கி விநாடிகளாக்கியது. சுமார் 100 மணி நேரம் நிறுத்தாமல் ஓடியதில் பிசகு 0.34 விநாடியாக வளர்ந்திருந்தது. அதற்குள் ஒரு ஸ்கட் ஏவுகணை அரைக் கிலோமீட்டருக்கு மேல் பறந்துவிடும். அமைப்பு தவறான இடத்தில் தேடியது; வந்து விழுந்த ஏவுகணையால் 28 வீரர்கள் இறந்தனர்.

நீர்க்கணக்குக்குத் திரும்பினால், கட்டுப்படுத்தியில் `LREAL` என்னும் 64 பிட் வகை இருந்தால் மொத்தத்தை அதில் வைப்பது எளிய தீர்வு. அதன் 53 பிட்டுகளை எந்தப் பம்பும் தீர்த்துவிடாது. பழைய கட்டுப்படுத்திகள் பலவற்றில் அந்த வகை கிடையாது. அங்கே மொத்தத்தை இரண்டாகப் பிரிப்பது நல்லது: சில்லறை லிட்டர்கள் `REAL` வகையிலும், முழுக் கனமீட்டர்கள் `DINT` வகையிலும்.

```
Part := Part + Flow * 0.1;
IF Part >= 1000.0 THEN
    Part := Part - 1000.0;
    Total := Total + 1;
END_IF;
```

`Part` ஒருபோதும் 1000-ஐ விட்டு அதிகம் தாண்டாது. அந்த அளவில் எண்களின் இடைவெளி ஒரு மில்லிலிட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. `Total` முழு எண் என்பதால் அதில் சுருக்கமே இல்லை. இந்த ஓட்டத்தில் அது நிரம்ப ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும். மூன்றாவது வரியில் `Part := 0.0` என்று எழுதிவிடக் கூடாது: அப்படி எழுதினால் 1000-க்கு மேல் நின்ற மிச்சம் ஒவ்வொரு கனமீட்டரிலும் தொலையும். இரண்டாவது வரியில் `>=` இருக்கும் இடத்தில் `=` போட்டாலும் ஆபத்து. 0.1-இன் வெட்டு காரணமாகக் கூட்டுத்தொகை 1000.0 என்ற புள்ளியைத் தொடாமலே கடந்து போகலாம். பிறகு அந்த நிபந்தனை நிறைவேறவே நிறைவேறாது.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிரலில் இந்தக் குறை இருக்கிறதா என்று அறிய 19 நாள் காத்திருக்க வேண்டியதில்லை. நிரலின் நகல் ஒன்றைச் சோதனைக் கருவியில் ஓடவிட்டு, `REAL` மொத்தத்தில் 16777200 என்று எழுதி, ஓட்டத்தை விநாடிக்கு 10 லிட்டராக வைத்துப் பார்த்தால் போதும். இரண்டு விநாடிக்குள் எண் 16777216-இல் நின்றுவிட்டால் குறை உறுதி. அதேபோல் உள்ளீட்டில் 3276, 3277, 4095 ஆகியவற்றைத் தந்து பார்த்தால் பெருக்கலின் வரம்பு மீறலும் அங்கேயே வெளிப்பட்டுவிடும்.