மூடியைத் திற, மூடியைத் திறக்காதே

ரஷ்யாவில் விற்பனைக்கு வரும் மின்கெட்டிலோடு ரஷ்ய மொழிக் கையேடும் இருந்தாக வேண்டும். சுங்க ஒன்றியத்தின் 004/2011 என்ற தொழில்நுட்ப விதிமுறை அப்படிக் கேட்கிறது. பத்துப் பக்கம்கூட வராத அந்தக் கையேட்டில் மொழிபெயர்ப்பாளர் அதிகம் திணறுவது ஏவல் வினையில்தான்.

‘மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றவும்’ என்ற வரிக்கு ரஷ்ய மொழியில் ‘அத்க்ரோய்தே’ என்று வரும். ஒருமுறை செய்து முடிக்கிற வேலைக்கு உரிய மரியாதை ஏவல் அது. அடுத்த பக்கத்தில் ‘தண்ணீர் கொதிக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள்’ என்று இருக்கும். அதே வினையின் முன்னால் ‘நே’ என்ற எதிர்மறையை ஒட்டினால் போதும் என்று புதியவர் நினைப்பார். போதாது. பொதுவான தடைக்கு வினையின் இன்னொரு வடிவம் வேண்டும்: ‘நே அத்க்ரிவாய்தே’.

முதல் வடிவத்தோடு ‘நே’ சேர்ந்தால் பெரும்பாலும் ‘தவறிப்போய்ச் செய்துவிடாதே’ என்ற பொருள் தொனிக்கும். கண்ணாடிக் குடுவையை நீட்டிக்கொண்டே ‘நே உரனீத்தே’ என்பார்கள். பார்த்து, கீழே போட்டுவிடாதீர்கள் என்று அர்த்தம். அங்கே அது பொருத்தம், தடை விதிக்கும் வரியில் பிழை. ‘ஒவ்வொரு முறையும் துடைக்கவும்’ போன்று திரும்பத் திரும்பச் செய்யும் வேலைக்கும் இரண்டாம் வடிவமே வரும்.

எச்சரிக்கைச் சொற்களிலும் இதே கவனம் தேவை. ‘அபாஸ்னா’ என்பது ஆபத்து, ‘அஸ்தரோஷ்னா’ எச்சரிக்கை, ‘வ்னிமானியே’ கவனம் என்று அபாயத்தின் அளவுக்கேற்பத் தொடக்கத்திலேயே முடிவுசெய்துவிட்டால், கடைசிப் பக்கம்வரை அதை மாற்றக் கூடாது. கொதிநீர் சுடும் என்பதற்கு ஓரிடத்தில் ஒன்றும் வேறிடத்தில் இன்னொன்றும் போட்டால், எது பெரிய ஆபத்து என்று வாசகருக்குத் தெரியாமல் போகும்.

உறுப்புப் பெயர்களில் நடக்கும் குழப்பம் இன்னும் மோசம். கெட்டில் உட்காரும் மின்தட்டைப் படத்தில் ‘பத்ஸ்தாவ்கா’ என்று குறித்துவிட்டு, உள்ளே ‘பாஸா’ என்றும் ‘அஸ்நவானியே’ என்றும் எழுதுவதுண்டு. கடைசிச் சொல்லைப் படிப்பவர் கெட்டிலின் அடிப்பாகம் என்றும் எடுத்துக்கொள்ளலாம். ‘தண்ணீரில் முக்காதீர்கள்’ என்ற வரியில் இந்தச் சந்தேகம் வந்தால், மின்சாரம் பாயும் தட்டே தண்ணீருக்குள் போகும். ‘அதை’ என்ற சுட்டும் உதவாது. மூடியும் தட்டும் ரஷ்ய இலக்கணத்தில் பெண்பால். ‘அதை’ என்றால் எதை? பெயரையே திரும்பச் சொல்ல வேண்டும்.

சரிபார்ப்பதற்கு ஒரு வழி உண்டு. ரஷ்யப் பெயர்ச்சொல்லின் ஈறு வேற்றுமைக்கு வேற்றுமை மாறும் என்பதால், முழுச் சொல்லைத் தேடினால் பாதி இடங்கள் தப்பிவிடும். ஈற்றை விட்டுவிட்டுச் சொல்லின் அடியை மட்டும் தேடுங்கள். விலக்கிய பெயர்களின் அடிகளையும் அப்படியே தேடுங்கள். ஓரிடத்தில்கூட அவை அகப்படாவிட்டால்தான் கையேடு அச்சுக்குப் போகலாம்.