கலைத்த பிறகும் மாறாத படம்

ஜுன்கோ என்பது வட அமெரிக்காவில் வீட்டுத் தோட்டங்களுக்கு வரும் ஒரு சின்னப் பறவை. சிட்டுக்குருவி அளவுதான் இருக்கும். கூகுளில் உருவான ‘இன்செப்ஷன் வி3’ என்ற நியூரல் நெட்வொர்க்கிடம் அதன் போட்டோவைக் கொடுத்தால், தான் படித்துவைத்திருக்கும் 1000 வகைகளிலிருந்து ‘ஜுன்கோ’ என்று சரியாக எடுத்துச் சொல்லிவிடும். எதைப் பார்த்துச் சொன்னது என்பதுதான் தெரியாது. அலகையா, வயிற்றையா, உட்கார்ந்திருக்கும் கிளையையா?

இந்தக் கேள்விக்குப் பதிலாக வந்ததுதான் சேலியன்சி மேப். முடிவுக்குக் காரணமான பிக்சல்களைப் பளிச்சென்றும் மற்றவற்றை இருட்டாகவும் காட்டுகிற இன்னொரு படம். 2013-ல் ஆக்ஸ்ஃபோர்டில் சிமோனியன் குழுவினர் சொன்ன வழி எளிமையானது. ஒரு பிக்சலின் நிறத்தை இம்மியளவு மாற்றினால் ‘ஜுன்கோ’வுக்கு விழும் மதிப்பெண் எவ்வளவு ஏறும், எவ்வளவு இறங்கும்? அதிகம் ஆட்டிவைக்கிற பிக்சல் முக்கியமானது. இன்செப்ஷனுக்குள் போகும் படம் 299-க்கு 299, அதாவது 89,401 பிக்சல். ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க வேண்டியதில்லை. விடையிலிருந்து படத்தை நோக்கிப் பின்னோக்கிக் கணக்குப் போட்டால் ஒரே ஓட்டத்தில் எல்லாம் கிடைத்துவிடும்.

கிடைக்கிற படம்தான் கண்ணுக்கு அவ்வளவு நன்றாக இருக்காது. மணலை வாரி இறைத்த மாதிரி புள்ளிகள். பறவை இருக்கும் பக்கம் கொஞ்சம் அடர்த்தி, அவ்வளவே. அடுத்த ஆண்டே ‘கைடட் பேக்ப்ராப்’ என்ற முறை வந்தது. பின்னோக்கிப் போகும் கணக்கில் ஒவ்வொரு அடுக்கிலும் வருகிற மைனஸ் எண்களை அது தூக்கி எறிந்துவிடும். விளைவு அசத்தலாக இருந்தது. கண், அலகு, இறகின் ஓரம் எல்லாம் பென்சிலால் வரைந்தது போல் துல்லியம். ‘பாருங்கள், கணினி பறவையைத்தான் பார்த்திருக்கிறது’ என்று சொல்ல இதைவிட என்ன வேண்டும்?

இப்படிப்பட்ட படம் வெறும் அழகுக்கானதல்ல. அமெரிக்க மருத்துவமனைகளின் மார்பு எக்ஸ்ரேக்களை வைத்து 2018-ல் வெளியான ஓர் ஆய்வில், நிமோனியாவைக் கண்டுபிடிக்கப் பழக்கிய நெட்வொர்க், படம் எந்த மருத்துவமனையில் எடுக்கப்பட்டது என்பதையும் கண்டுகொள்கிறது என்று தெரிந்தது. ஒரு மருத்துவமனையின் படங்களில் மூன்றில் ஒரு பங்கு நிமோனியா. இன்னொன்றில் நூற்றுக்கு ஒன்றுதான். இடம் தெரிந்தாலே நோயைப் பாதி ஊகித்துவிடலாம் அல்லவா? ஹீட் மேப் போட்டுப் பார்த்தபோது, இடது வலது குறிக்க டெக்னீஷியன் படத்தின் மூலையில் வைக்கும் உலோக எழுத்தும் ஒளிர்ந்தது. நுரையீரலை விட்டுவிட்டு மூலையைப் பார்க்கிற கள்ளத்தனத்தை இப்படித்தான் பிடிக்க முடிகிறது. அப்படிப் பிடிக்க வேண்டிய படமே கண்துடைப்பாக இருந்துவிட்டால்?

அந்தச் சந்தேகத்துக்கு ஜூலியஸ் அடெபாயோ, பீன் கிம் உள்ளிட்ட ஆறு பேர் 2018-ல் ஒரு சோதனை வைத்தார்கள். ஜாதகக் கட்டை மாற்றி வைத்த பிறகும் ஜோசியர் அதே பலனைச் சொன்னால், அவர் கட்டைப் பார்க்கவே இல்லை என்றுதானே அர்த்தம்? அதேதான் இங்கும். நெட்வொர்க் கற்றுக்கொண்டதெல்லாம் ‘வெயிட்’ எனப்படும் எண்களில் இருக்கிறது. அந்த எண்களை அழித்துவிட்டு, கைக்கு வந்த எண்களைப் போட்டு நிரப்பினார்கள். முதலில் விடை சொல்லும் கடைசி அடுக்கு; பிறகு அதற்கு முந்தையது; இப்படியே ஒவ்வோர் அடுக்காகப் படத்தை நோக்கி இறங்கினார்கள். ஒவ்வொரு படியிலும் அதே ஜுன்கோ போட்டோவுக்கு மேப் வரைந்தார்கள்.

கடைசி அடுக்கைக் கலைத்ததுமே நெட்வொர்க்குக்கு ஜுன்கோவும் தெரியாது, ஜன்னலும் தெரியாது. நேர்மையான மேப் அங்கேயே சிதைய வேண்டும். சிமோனியனின் மணல்புள்ளிப் படம் சிதைந்தது. ‘கிராட்கேம்’ என்ற முறையும் தாக்குப்பிடிக்கவில்லை. இந்தச் சோதனையில் அதுதான் தேர்ச்சி. கைடட் பேக்ப்ராப்போ, மேலடுக்குகளைக் கலைத்துக்கொண்டே போனாலும் அதே கண், அதே அலகு, அதே இறகு என்று வரைந்துகொண்டே இருந்தது. மூளை போன பிறகும் ‘பறவையைப் பார்த்துத்தான் சொன்னேன்’ என்கிறது!

காரணம் பெரிய மர்மமில்லை. நெட்வொர்க்கின் முதல் சில அடுக்குகள் படத்தில் வெளிச்சமும் நிழலும் சந்திக்கும் ஓரங்களைத் தேடுபவை. மைனஸ் எண்களை எறிந்துகொண்டே பின்னோக்கி வந்தால், மேலே என்ன முடிவெடுத்தார்கள் என்ற செய்தி வழியில் தேய்ந்துபோய், ஓரங்கள் மட்டும் மிஞ்சும். அதாவது போட்டோவின் கோட்டோவியம். படம் வரையத் தெரிந்த எந்தச் சாதாரண மென்பொருளும் இதைச் செய்யும், ஜுன்கோவைப் பற்றி எதுவும் தெரியாமலேயே. நாமும் பறவையைத் தேடித்தான் பார்க்கிறோம் என்பதால் பறவையின் கோடுகள் தெரிந்தால் திருப்தியாகிவிடுகிறோம்.

கண் ஏமாறும் என்பதால் அவர்கள் கண்ணை மட்டும் நம்பவில்லை. கலைப்பதற்கு முன்னும் பின்னும் பிக்சல்களை முக்கியத்துவ வரிசையில் அடுக்கி, இரண்டு வரிசைகளும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று ஸ்பியர்மேன் கணக்குப் போட்டார்கள். 1 என்றால் மேப் அசையவே இல்லை. 0 என்றால் பழையதற்கும் புதியதற்கும் சம்பந்தமில்லை.

இன்னொரு சோதனையும் செய்தார்கள். பயிற்சிப் படங்களின் பெயர்களைக் குலுக்கிப் போட்டு, பொருளே இல்லாத விடைகளை நெட்வொர்க்கை நெட்டுருப் போட வைத்தார்கள். கையால் எழுதிய எண்களின் படங்களில், மேப்பின் எண்களைப் பிக்சலின் மதிப்பால் பெருக்குகிற முறைகள் இங்கே சிக்கின. கறுப்புப் பின்னணியின் மதிப்பு பூஜ்யம். எதால் பெருக்கினாலும் பூஜ்யம்தான். ஆகவே நெட்வொர்க் என்ன உளறினாலும் எழுதிய கோடு மட்டும் அழகாக ஒளிரும்.

சோதனையில் தேறியதாலேயே ஒரு முறையைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளவும் முடியாது. நெட்வொர்க் மாறினால் மேப்பும் மாறுகிறது என்பதுதான் தெரிகிறது. சரியான இடத்தைக் காட்டுகிறதா என்பது தெரியாது. கிராட்கேமும் இன்செப்ஷனின் கடைசிப் பகுதியில் 8-க்கு 8 கட்டங்களைத்தான் பார்க்கிறது. அதை இழுத்துப் பெரிதாக்கியதே நாம் காணும் சிவப்புப் படலம். அதன் ஓரம் நுரையீரலின் விளிம்போடு பொருந்துகிறதா என்று உற்றுப் பார்ப்பது வீண் வேலை. எதிர்ப்பக்கமும் ஒரு சிக்கல் உண்டு. நடுவில் ஒரே பொருள் இருக்கும் போட்டோக்களில் தகவல் முழுவதும் அந்த நடுவில்தான். எந்த நெட்வொர்க்கானாலும் பார்க்க வேறு இடம் இல்லை என்பதால் மேப் மாறாமலிருக்கலாம். எனவே சோதனைக்கு என்ன படத்தை எடுக்கிறோம் என்பதும் முக்கியம்.

மார்பு எக்ஸ்ரேக்களில் எட்டு முறைகளை வைத்து 2021-ல் ஓர் ஆய்வு வந்தது. வெயிட்டுகளைக் கலைப்பதோடு நிற்காமல், அதே வேலைக்கு இரண்டாம் முறை பழக்கிய நெட்வொர்க்கிலும் அதே இடம் வருகிறதா, மருத்துவர் குறித்த இடத்தோடு பொருந்துகிறதா என்றும் பார்த்தார்கள். எட்டில் ஒவ்வொன்றும் ஏதாவது ஒரு சோதனையில் தோற்றது. நோயின் இடத்தையே கண்டுபிடிக்கப் பழக்கிய நெட்வொர்க்குகள் இவற்றைவிட நன்றாகச் செய்தன. அப்படிப் பழக்க, ஒவ்வொரு படத்திலும் மருத்துவர் உட்கார்ந்து இடத்தைக் குறித்துத்தர வேண்டும். மிச்சம் பிடிக்கலாம் என்று நினைத்த நேரம் அதுதான்.