மாதங்களுக்குப் பேரம் கிடையாது

ஆங்கிலப் படங்களில் அரசு வழக்கறிஞர் "ஐந்து வருடம்" என்பார், எதிர்த்தரப்பு "இரண்டு" என்பார். குற்றவியல் வாதப் பயிற்சிக்கு வரும் சட்ட மாணவர்கள் பலரும் அதே நினைப்போடுதான் மேசையில் உட்காருகிறார்கள். 2006 முதல் நம் நாட்டில் இருக்கும் பிளீ பார்கெயினிங்கில் தண்டனைக் காலத்தைப் பெரும்பாலும் சட்டமே கணக்கிட்டு வைத்திருக்கிறது.

பயிற்சிக்கு ஏற்ற ஒரு கற்பனை வழக்கு: வீட்டில் ஐந்து பவுன் திருட்டு. மூன்று பவுன் அடகுக்கடையில் மீட்கப்பட்டது. இரண்டு பவுன் விற்றுப் போனது. எதிரிக்கு 23 வயது, முதல் வழக்கு, ஐந்து மாதமாகச் சிறையில் இருக்கிறான். அரசுத் தரப்பு மாணவருக்கு மட்டும் தரப்படும் தாளில், மகஜர் சாட்சி ஒருவர் தடுமாறுகிறார் என்றிருக்கும். எதிரித் தரப்பின் தாளில், அண்ணன் கொஞ்சம் பணம் புரட்ட முடியும் என்றிருக்கும்.

நல்ல மாணவர் முதலில் தொகையைப் பேசமாட்டார். இந்த வழக்கு பேரத்துக்கு வருமா என்று பார்ப்பார். வீட்டுத் திருட்டுக்கு அதிகபட்சம் ஏழு ஆண்டு. சட்டம் வைத்த எல்லையும் அதுதான். ஆனால் பெண்ணுக்கு எதிரான குற்றமென்றால் கதவு மூடிவிடும். நகை மனைவியுடையது, புகார் கணவருடையது என்றால் அரசுத் தரப்பு ஆட்சேபம் எழுப்பலாம். பலர் தடுக்கி விழுவது இங்கேதான். குற்றச்சாட்டு வனைந்த 30 நாட்களுக்குள் மனு போட வேண்டும் என்பதையும் மறந்துவிடுகிறார்கள்.

முதல் குற்றவாளிக்கு அதிகபட்சத் தண்டனையில் ஆறில் ஒரு பங்கு விதிக்கலாம் என்கிறது புதிய நடைமுறைச் சட்டம். அது 14 மாதம். சிறையிலிருந்த ஐந்தைக் கழித்தால் ஒன்பது. மாதங்களில் பேச அதிகமில்லை என்பதால், பேச்சு முழுக்க இழப்பீட்டுக்குத் திரும்புகிறது. பாதிக்கப்பட்டவரும் விசாரணை அதிகாரியும் மேசையில் இருப்பார்கள்.

"ரெண்டு பவுனுக்கு இன்னிக்கு விலை போட்டுக் கொடுங்க" என்பார் புகார்தாரர்.

"திருடு போன அன்னிக்கு இருந்த விலைதானே சார் நியாயம்?" என்பார் எதிரியின் வழக்கறிஞர்.

இதற்கு நடுவே ஒரு தொகைக்கு வந்து, அதை உத்தரவுக்கு முன்பே நீதிமன்றத்தில் கட்டுவதாக எழுதுவதுதான் என் பார்வையில் கெட்டிக்காரத்தனம். "பிறகு தருகிறேன்" என்ற ஒப்பந்தம் புகார்தாரருக்கு மீண்டும் ஒரு வழக்காகிவிடும். அதற்குப் பதிலாக, நன்னடத்தைப் பிணையில் விடுவிக்கக் கேட்கும்போது எதிர்ப்பதில்லை என்று அரசுத் தரப்பு ஒத்துக்கொள்ளலாம். முடிவு நீதிபதியுடையது.

எதிரித் தரப்பு மாணவரிடம் ஆசிரியர் கட்டாயம் எதிர்பார்க்க வேண்டியது இன்னொன்று. வெளியே வந்தாலும் பெயரில் 'குற்றவாளி' என்ற தீர்ப்பு இருக்கும், வழக்கமான மேல்முறையீடும் கிடையாது என்று கட்சிக்காரரிடம் கையெழுத்துக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். மனு யாரும் வற்புறுத்திப் போட்டதா என்று நீதிபதி அவனைத் தனியே விசாரிப்பார். பேச்சு முறிந்தால் மனுவில் அவன் சொன்னதை வேறு எதற்கும் பயன்படுத்த முடியாது. வழக்கு பழையபடி விசாரணைக்குப் போகும்.