காஸ்டிக் மூட்டைக்குத் தமிழில் ஒரு தாள்

திருப்பூர், ஈரோடு பக்கத்துச் சாயப்பட்டறைகளின் குடோன்களில் வெள்ளைச் செதில் நிரம்பிய 50 கிலோ மூட்டைகளைப் பார்க்கலாம். அது காஸ்டிக் சோடா. துணியில் ஒட்டியிருக்கும் மெழுகையும் பிசுக்கையும் நீக்க இதைப் பயன்படுத்துகிறார்கள். இதற்கென்று ஒரு பாதுகாப்புத் தரவுத்தாள் உண்டு, எம்.எஸ்.டி.எஸ். என்பார்கள். பொதுவாக அதில் 16 பகுதிகள் இருக்கும். பெரும்பாலும் அது ஆங்கிலத்தில் அலுவலக ஃபைலுக்குள் இருக்கும். மூட்டை தூக்குபவருக்கு அதில் முக்கியமானவை ஐந்து: ஆபத்து, முதலுதவி, சிந்தினால் செய்ய வேண்டியது, கையாளும் முறை, போட வேண்டிய கவசம். இந்த ஐந்தையும் ஒரே பக்கத்தில் தமிழாக்கிச் சுவரில் ஒட்டினால் போதும். ஆனால் வரிக்கு வரி மொழிபெயர்த்தால் அந்தப் பக்கம் பயன்படாது.

முதல் சிக்கல் ஆபத்துப் பகுதியிலேயே வருகிறது. காஸ்டிக் 'கடுமையான தீக்காயத்தை உண்டாக்கும்' என்று எழுதினால், படிப்பவர் நெருப்பைத்தான் நினைப்பார். செதிலில் நெருப்பு இல்லை. அதனால் பயமும் வராது. 'தோலில் பட்டால் அரித்துப் புண்ணாக்கும். கண்ணில் பட்டால் பார்வை போகலாம்' என்று எழுத வேண்டும். கிழிந்த மூட்டையிலிருந்து விழுந்த செதில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கரைந்து, தரையில் தண்ணீர் போலவே கிடக்கும். தொட்டால் வழுவழுப்பாக இருக்கும். இந்த அடையாளத்தையும் தாளில் சேர்த்தால்தான் அதை யாரும் வெறுங்காலால் மிதிக்க மாட்டார்கள்.

அடுத்தது கண். லேபிளில் உள்ள வாசகம், கண்ணில் பட்டால் 'பல நிமிடங்கள்' கழுவச் சொல்கிறது. வலியில் துடிப்பவருக்கு இரண்டு நிமிடமே பல நிமிடம்தான். அமிலம் பெரும்பாலும் பட்ட இடத்துத் திசுவை உறைய வைத்து, தன் வழியைத் தானே ஓரளவு அடைத்துக்கொள்ளும். காஸ்டிக் அப்படியல்ல, திசுவிலுள்ள கொழுப்பைக் கரைத்துக்கொண்டு உள்ளே போய்க்கொண்டே இருக்கும். ஆகவே தமிழ்த் தாளில் எண் வேண்டும்: 'இமையைப் பிரித்துப் பிடித்து, ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவு. 108-ஐ அழை. போகும் வழியிலும் கழுவு.' தோலில் உலர்ந்த செதில் கிடந்தால், கவசம் போட்ட கையால் முதலில் தட்டிவிட வேண்டும்; நனைந்த உடையைக் கழற்ற வேண்டும்; பிறகு நிறையத் தண்ணீர் விட வேண்டும். எலுமிச்சையோ வினிகரோ ஊற்றக் கூடாது. அந்த வினையில் பிறக்கும் சூடு காயத்தை இன்னும் மோசமாக்கும்.

விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. இறங்கும்போது தொண்டையை அரித்தது, ஏறும்போது மறுபடி அரிக்கும். நம் ஊரில் எதை விழுங்கினாலும் உப்புக் கரைசலோ புளிக் கரைசலோ கொடுப்பது வழக்கம் என்பதால், அவற்றைப் பெயர் சொல்லியே தடுக்க வேண்டும். இன்னொன்று: தமிழில் மறுப்பு வாக்கியத்தின் கடைசியில்தான் வரும். பதற்றத்தில் பார்ப்பவர் கண்ணில் 'வாந்தி எடுக்க' என்ற முன்பாதி மட்டும் பட்டுவிடலாம். அதனால் 'செய்யாதே' என்று சிவப்பில் தலைப்பிட்டு, அதன்கீழ் 'வாந்தி', 'உப்புத் தண்ணீர்', 'புளித் தண்ணீர்' என்று எழுதுவது நல்லது.

கவசப் பகுதியில் 'தகுந்த கையுறை' என்றிருந்தால், எது தகுந்தது என்று சொல்லிவிட வேண்டும். துணிக் கையுறை காஸ்டிக்கை உறிஞ்சித் தோலோடு சேர்த்து வைத்திருக்கும். நைட்ரைல் அல்லது ரப்பர் கையுறையும், பக்கம் மூடிய கண்ணாடியும் வேண்டும். கரைக்கும்போது தண்ணீரில் செதிலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். செதில்மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரத்தில் அள்ளினால் எளிதில் தீப்பிடிக்கும் ஹைட்ரஜன் வாயு கிளம்பும்.

எழுதி முடித்த தாளை முதலுதவி தெரிந்த மருத்துவர் ஒருவர் பார்க்க வேண்டும். பிறகு மூட்டை தூக்குபவரிடம் காட்ட வேண்டும். 'புரிஞ்சுதுங்களா?' என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். 'இது கண்ணுல பட்டா முதல்ல என்னங்க பண்ணுவீங்க? செஞ்சு காட்டுங்க' என்று கேட்க வேண்டும். அவர் தடுமாறும் இடத்தில் திருத்த வேண்டியது தாளை. ஆங்கிலத் தாளையும் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. காயப்பட்டவரோடு அது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், மருத்துவருக்கு அது தேவைப்படும்.

குடோன் பொறுப்பில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தாளை ஒட்டும் அன்றே, பக்கத்துக் குழாயைத் திறந்து 15 நிமிடம் தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் முதலில் குழாயைச் சரிசெய்யுங்கள்.